ஒரே லயம், ஒரே விலாசம், ரத்தான கொமிஷன்

திம்புள்ளையில நாங்க ஆறு பேர் சேர்ந்து ஒரு ஒன்லைன் மசாலாக் கடைக்கு 'அஃபிலியேட்' ஆனோம். கடையோட பேர் இங்க வேணாம். வேலை லேசாத்தான் தெரிஞ்சது. கடை தர்ற லிங்க்கைப் பகிரணும், அது வழியா யாராவது மிளகோ கறுவாவோ வாங்கினா எங்களுக்கு ஒரு பங்கு.

மூணாவது மாசம் நாலு ஓர்டரோட கொமிஷன் ஒரே நாள்ல ரத்தாச்சு. காரணம்னு ஒரே ஒரு வரி: 'சுய கொள்வனவு சந்தேகம்'. அதாவது நாங்களே எங்க லிங்க்ல வாங்கி, கொமிஷனையும் எடுக்கப் பார்க்கிறோமாம்.

கோபம் வந்தது. ஆனா முதல்ல கணக்கைப் புரிஞ்சுக்கணும்னு உட்கார்ந்தோம்.

எங்க லிங்க் இப்படி இருக்கும்:

```
https://example.com/karuva?ref=dimbula6
```

கடைசியில இருக்கிற `ref` தான் எங்க அடையாளம். இதை அமுக்கினவங்களோட பிரவுசர்ல கடை ஒரு குக்கியை வைக்கும். 30 நாளுக்குள்ள அதே பிரவுசர்ல வாங்கினா விற்பனை எங்க கணக்குல சேரும். நடுவுல இன்னொருத்தர் லிங்க்கை அமுக்கியிருந்தா, கடைசியா அமுக்கின லிங்க்குக்குத்தான் காசு. கொழும்புல இருக்கிற ஒரு மாமா ஃபேஸ்புக் உள்ளேயே எங்க லிங்க்கைத் திறந்து பார்த்துட்டு, ராத்திரி குரோம்ல போய் வாங்கினார். ரெண்டும் வேற வேற பிரவுசர், அதனால குக்கி கூட வரல, எங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல. அதுக்கப்புறம்தான் கடைகிட்ட தள்ளுபடிக் கோட் கேட்டு வாங்கினோம். கோடை எந்த போன்ல அடிச்சாலும் எங்க பேர்ல பதிவாகும்.

ரத்தான நாலுல ஒண்ணு பக்கத்து லயத்து அத்தையோடது. கறித்தூள் 2,000 ரூபா, கறுவா 3,000 ரூபா. எங்க கோட்டுக்கு 10% தள்ளுபடி போக 1,800உம் 2,700உம். கறித்தூளுக்கு 12%, முழுச் சரக்குக்கு 6%. அரைச்சுப் பொதி பண்ணி விக்கிறதுல லாபம் கூட, முழுக் கறுவாவுல குறைவு. அதனாலதான் வீதமும் அப்படி. 216உம் 162உம் சேர்த்து 378 ரூபா. கூரியர் காசு 450க்குக் கொமிஷன் கிடையாது. இந்த 378உம் உடனே கைக்கு வராது. பொருள் போய்ச் சேர்ந்து, காசு வாங்கி, இன்னும் 14 நாள் போகணும். வீட்டுல காசு குடுத்து வாங்கற முறையில பொய் ஓர்டர் போட்டுட்டு, கூரியர் வந்ததும் வேணாம்னு சொல்றவங்க இருக்காங்க. கடை காத்திருக்கிறது அதுக்காகத்தான்.

கடைகள் இவ்வளவு பயப்படுறதுக்கும் காரணம் இருக்கு. அமெரிக்காவுல ஷோன் ஹோகன்னு ஒருத்தர், ஈபேயோட பெரிய அஃபிலியேட். ஜனங்களோட கணினியில அவங்களுக்கே தெரியாம ஈபே குக்கியைப் போட்டு வச்சார். அவங்க பிறகு தாங்களாவே ஈபேக்குப் போய் வாங்கினாலும் கொமிஷன் இவருக்கு. சில வருஷத்துல ஈபே அவருக்குக் குடுத்த மொத்தக் கொமிஷன் சுமார் 2 கோடி 80 லட்சம் டொலர். 2014இல 5 மாசச் சிறைத் தண்டனை கிடைச்சது. இந்த மாதிரி மோசடியில 'கிளிக்' எண்ணிக்கை மலை மாதிரி ஏறும், ஆனா அதுல வாங்கினவங்க வீதம் ரொம்பக் குறைவா இருக்கும். கடைக்காரர் முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான்.

எங்க கிளிக் கணக்குல அப்படி எதுவும் இல்ல. எங்களை மாட்டிவிட்டது வேற. அஃபிலியேட்டும் வாங்கினவரும் ஒரே ஐபி, ஒரே விலாசம், ஒரே போன் நம்பர்னா கடையோட மென்பொருள் சிவப்புக் கொடி காட்டும். கொழும்பு வீட்டுக்கு அது சரியான விதி. லயத்துக்கு? நாலு வீட்டுக்கும் ஒரே போனோட ஹொட்ஸ்பொட். விலாசம் எல்லாருக்கும் டிவிஷன் பேரும் தோட்டத்துப் பேரும்தான். கூரியர்காரர் மேல வர மாட்டார், ரோட்டோரக் கடையில குடுத்துட்டுப் போவார். அதனால சிக்னல் கிடைக்கிற ஒரே ஆளோட நம்பரை எல்லாரும் குடுத்தாங்க. அந்த ஆள் எங்கள்ல ஒருத்தர்.

ஒண்ணையும் மறைக்கக் கூடாது. நாலுல ஒண்ணு உண்மையிலேயே நாங்க வாங்கினது. 'சும்மா சோதிச்சுப் பார்ப்போம்'னு ஒருத்தர் ஏலக்காய் போட்டிருந்தார். ஒப்பந்தத்துல அது கூடாதுன்னு இருக்கு, நாங்க வாசிக்கல. அமேசோன்லயும் இதே விதிதான்.

கடைக்கு எழுதும்போது அதையும் சேர்த்தே எழுதினோம். மத்த மூணுக்கும் பொருளை வாங்கினவங்க பேர், அவங்கவங்க நம்பர், கூரியர் ரசீதுப் படம் எல்லாம் அனுப்பினோம். அவங்க மூணு பேர்கிட்டயும் முன்கூட்டியே கேட்டுட்டுத்தான். கடையிலிருந்து அத்தைக்கு ஒரு அழைப்பு வந்தது. "ஆமா தம்பி, நான்தான் வாங்கினேன், கறுவா நல்லா இருந்திச்சு"ன்னு சொன்னாங்க. ரத்தான 1,120 ரூபாயில 970 திரும்ப வந்தது. ஏலக்காயோட 150 வரல, வரவும் கூடாது.

இப்ப ஓர்டர் போடுற ஒவ்வொருத்தரும் தங்களோட சொந்த நம்பரையும் லய இலக்கத்தையும் எழுதுறாங்க, ஹொட்ஸ்பொட் இல்லாம தங்களோட டேட்டாவுலயே போடுறாங்க. மொபைல் டேட்டாவுலயும் பல பேர் ஒரே பொது ஐபியைப் பகிர்றது சகஜம். அதனால ஐபி ஒண்ணை மட்டும் வச்சு ரத்துப் பண்ணாதீங்க, முதல்ல ஒரு போன் பண்ணிக் கேளுங்கன்னு கடைக்கு எழுதியிருக்கோம். பதில் இன்னும் வரல.