நாம பேசுறது மட்டும் கேக்கல

சிங்கப்பூர்ல இருக்கிற மகளுக்கு இது ஏழாம் மாசம். தினம் சாயங்காலம் நெட் கால்லதான் அவ அம்மாகிட்ட பேசுவா. போன வாரம் நாலு நாளா ஒரே கூத்து. அவ பேசுறது இங்க தெளிவா கேக்குது, இவ பேசுறது அங்க கேக்கல. "ஏட்டி, கேக்குதா?"ன்னு கத்திக் கத்தியே இவளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அந்தப் பிள்ளை அங்க பயந்துபோய் அழுதிருக்கா.

மைக் போயிருச்சு, மாத்தணும்னு தெருவுல ரெண்டு பேர் சொன்னாங்க. எனக்கு அது சரியாப் படல. அதே போன்ல காலையில சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் போட்டு பிச்சி விலை கேட்டேன். சாதாரண கால், ரெண்டு பக்கமும் நல்லாக் கேட்டுச்சு. மைக் கெட்டிருந்தா அந்தக் காலும் ஊமையால்ல இருக்கணும்?

டிப்ளமோ படிக்கிற பக்கத்து வீட்டுத் தம்பி வந்து பார்த்தான். முதல்ல அந்த ஆப்லயே குரல் பதிவு ஒண்ணு அனுப்பச் சொன்னான். பட்டனை அமுக்கினதும் மைக்குக்கு அனுமதி இல்லைன்னு வந்துச்சு. "கோளாறு இங்கதான் பெரியப்பா. சாதாரண கால் பேசுற ஆப்புக்கு மைக் அனுமதி போன் வாங்கும்போதே இருக்கும். நாம ஏத்துற ஆப் ஒவ்வொண்ணும் தனித்தனியாக் கேட்டு வாங்கணும்"னான்.

ஆப் படத்தை விரல் வச்சு அழுத்திப் பிடிச்சு App info, அதுக்குள்ள Permissions, அப்புறம் Microphone போனான். Don't allow-ன்னு இருந்துச்சு. Allow only while using the app-ஐத் தொட்டுட்டு, மகளுக்குப் புதுசாக் கால் போட்டோம். "அம்மா, கேக்குதும்மா!"ன்னா.

யாரு அதை மூடினதுன்னு விசாரிச்சா, வீட்டுக்காரிதான். ஆப்பைப் புதுசா ஏத்தினப்போ record audio-ன்னு கேட்டிருக்கு. "நம்ம பேச்சைப் பதிவு பண்ணப் போறான் போலன்னு வேண்டாம்னு அமுக்கிட்டேன். திரும்பக் கேட்டான், திரும்பவும் வேண்டாம்னுட்டேன்"னா. ஆண்ட்ராய்டு 11-ல இருந்து, ரெண்டு தடவை மறுத்துட்டா போன் மறுபடி கேக்காதாம். அதனாலதான் ஒரு எச்சரிக்கையும் வராம ஊமையாவே இருந்திருக்கு.

அவ பயத்தையும் தப்புன்னு சொல்ல முடியாது. அதுக்கும் தம்பி வழி சொன்னான். ஆண்ட்ராய்டு 12-ல இருந்து, எந்த ஆப் மைக்கைத் தொட்டாலும் திரையோட மேல் மூலையில பச்சையா ஒரு அடையாளம் வரும். பேசாத நேரத்துல அது தெரிஞ்சா சந்தேகப்படலாம்.

இன்னொண்ணு. அவங்க பேசுறது நமக்குக் கேக்கலைன்னா இந்த வைத்தியம் ஆகாது. சத்தத்தை வெளிய விட எந்த ஆப்பும் அனுமதி கேக்கத் தேவையில்ல. அப்போ கால் ஓடும்போதே சத்தத்தைக் கூட்டிப் பாருங்க, புளூடூத்ல வேற ஏதும் ஒட்டியிருக்கான்னும் பாருங்க. விட்டு விட்டுக் கேட்டா அது சிக்னல் வேலை. எங்க கிணத்து மேட்டுக்கு ஏறினாச் சரியாயிரும்.

இப்போ இவ பேசும்போது ஒரு கண்ணு அந்தப் பச்சை மேலதான்.