பாட்டிக்குப் பெரிய எழுத்து, பெங்களூரில் ஒரு கணினி

செமஸ்டர் முடிஞ்சு ஊருக்கு வந்தாச்சு. இந்தப் பதிவு கொஞ்சம் கணினி மேட்டர், ஆனா ஆரம்பம் எங்க பாட்டியிடம்தான்.

தாத்தா வாத்தியார். 1962-ல் ஊரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிச் சொந்தக் காசில் அச்சடித்தார். 412 பக்கம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிரதி, தொட்டால் ஓரம் உதிர்கிறது. பாட்டிக்கு இப்போது அந்தப் பொடி எழுத்து தெரிவதில்லை. "பெருசா போட்டுக் குடுடா, நானே படிக்கணும்" என்றார். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டேன். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, தமிழும் படிக்கும். என் லேப்டாப்பில் ஓட்டினால் அது இட்லிக் குண்டான் மாதிரி கொதிக்கிறது. அதனால் ஹாஸ்டல் சீனியர் அண்ணன் ஒருவர் அவர் கார்டில், மணிக் கணக்கு வாடகைக்கு, பெங்களூரில் இருக்கும் ஒரு சர்வரை எடுத்துக் கொடுத்தார்.

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். நான் போனது இப்படி:

```
ssh root@203.0.113.25
```

(எண்ணை மாற்றியிருக்கிறேன், முயற்சி பண்ணாதீங்க :-) )

உடனே ஒரு கேள்வி வந்தது. இந்தக் கணினியை எனக்குத் தெரியாது, இதன் கைரேகை இது, தொடரலாமா என்று. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு `yes` அடிக்கும் இடம் இதுதான். நானும் அடிக்கப் போனேன். போனில் இருந்த அண்ணன், "டேய், இரு. நீ கதவைத் தட்டுறது சரியான வீடான்னு பாக்க வேணாமா?" என்றார். வாடகைக்காரரின் இணையப் பக்கத்திலேயே அந்த சர்வரின் திரையை நேரடியாகத் திறக்கலாம். அதில் இதை அடித்தால் அதே கைரேகை வர வேண்டும்:

```
ssh-keygen -lf /etc/ssh/ssh_host_ed25519_key.pub
```

எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. இந்த எஸ்.எஸ்.எச். பிறந்ததே திருட்டுக்குப் பிறகுதான். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ உட்கார்ந்து, போகிற வருகிற கடவுச்சொற்களை எல்லாம் ஒட்டுக் கேட்டுவிட்டார்கள். அப்போது அங்கே இருந்த டாட்டூ இலோனென் எழுதியது இது. கைரேகை முதல் தடவைதான் கேட்கப்படும். அப்புறம் நம் லேப்டாப் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பின்னாளில் ரேகை மாறினால் பெரிய எச்சரிக்கை போடும்.

உள்ளே போனதும் திரையில் `root@book:~#` என்று வந்தது. இனி அடிப்பதெல்லாம் அங்கே நடக்கும், என் லேப்டாப் வெறும் கீபோர்டும் திரையும்தான். டெசராக்ட்டை நிறுவி, படங்களை ஏற்றி, நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓட்டினால் `Permission denied`. ஙே என்று முழித்தேன். கோப்பை ஓட்டலாம் என்ற அனுமதியைக் கொடுக்க மறந்திருக்கிறேன், ஒரு `chmod +x`-ல் தீர்ந்தது.

சாயங்காலம் 7:05-க்கு ஓட ஆரம்பித்தது. ஒரு பக்கத்துக்கு 20 விநாடி. முடித்த பக்கத்தின் எண்ணைத் திரையில் காட்டிக்கொண்டே போனது. மொத்தம் இரண்டே கால் மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, பாட்டியிடம் "ராத்திரி சாப்பிட்டு முடிக்கிறப்ப ரெடி" என்று வாக்கும் கொடுத்தாயிற்று.

7:40-க்கு மழை. கரண்ட் போச்சு. லேப்டாப் பேட்டரியில் நிற்கிறது, ஆனால் ரவுட்டர் அவுட். திரையில் எண் நின்றுவிட்டது. நான் பதறவில்லை. வேலை பெங்களூரில் நடக்கிறது, எங்க தெருவில் கரண்ட் போனால் அதற்கென்ன?

8:30-க்குக் கரண்ட் வந்தது. திரை உறைந்தே கிடந்தது, எதை அடித்தாலும் பதில் இல்லை. (அப்படி மாட்டினால் என்டர் தட்டி, `~.` என்று இரண்டு குறி அடித்தால் வெளியே வரலாம்.) மறுபடி உள்ளே போய்ப் பார்த்தால்:

```
-rw-r--r-- 1 root root 3912 May 17 14:26 152.txt
-rw-r--r-- 1 root root    0 May 17 14:26 153.txt
```

அதோடு சரி. ஸ்கிரிப்ட் செத்துப் போயிருந்தது. அதைவிடக் குழப்பம் அந்த நேரம். மத்தியானம் 2:26-க்கு நான் இதை ஆரம்பிக்கவே இல்லையே! அப்புறம்தான் உறைத்தது, சர்வரின் கடிகாரம் உலக நேரத்தில் ஓடுகிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இரவு 7:56.

ஆனால் கரண்ட் போனது 7:40. நடுவில் அந்தப் பதினாறு நிமிஷம் யார் வேலை பார்த்தது?

இதற்கு விடை தேடித்தான் மண்டை காய்ந்தது. இணைப்பு முறையாக மூடப்படவில்லை, நான் சொல்லாமல் காணாமல் போய்விட்டேன். சர்வருக்கு அது தெரியாது. ஒவ்வொரு பக்க எண்ணையும் எனக்கு அனுப்பியது, பதில் வரவில்லை. வலையில் ஏதோ தாமதம் என்று நினைத்து, இடைவெளியைக் கூட்டிக் கூட்டித் திரும்ப அனுப்பிப் பார்த்தது. லினக்ஸ் சாதாரணமாக இப்படிப் பதினைந்து தடவை முயன்றுவிட்டுக் கைவிடும். அதற்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதுவரை ஸ்கிரிப்ட் சமர்த்தாக ஓடியிருக்கிறது. கைவிட்ட கணத்தில் என் முனையம் மூடப்பட்டது, அதில் ஓடிய எல்லாவற்றுக்கும் `SIGHUP` என்ற செய்தி போனது. 'போனை வைத்துவிட்டார்கள்' என்று அர்த்தம், தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிக்குள் போன காலத்துப் பெயர். அந்தச் செய்தி கிடைத்தால் நிரல்கள் சாதாரணமாக நின்றுவிடும். வேலை நடப்பது பெங்களூரில்தான், ஆனால் அது தொங்கிக்கொண்டிருந்தது என் கயிற்றில்.

அண்ணனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "டீமக்ஸ் போடுடா" என்றார்.

```
tmux new -s book
```

இது சர்வரிலேயே ஒரு முனையத்தைத் திறந்து, அதைத் தன் கையில் வைத்துக்கொள்கிறது. நான் அதை எட்டிப் பார்க்கும் ஆள் மட்டுமே. `Ctrl-b` அழுத்திவிட்டு `d` தட்டினால் வெளியே வரலாம், `tmux attach -t book` என்றால் திரும்பப் போகலாம். என் இணைப்பு அறுந்தாலும் உள்ளே ஓடுவதற்கு `SIGHUP` போகாது.

முதலிலிருந்து ஓட்ட மனசில்லை. முடிந்த பக்கங்களைத் தாண்டச் சொல்லலாம், ஆனால் அந்த 153.txt-ஐப் பாருங்கள், பூஜ்யம் பைட். கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் அந்தப் பக்கம் காணாமலே போகும். அதை அழித்துவிட்டு இப்படி மாற்றினேன்:

```
#!/bin/bash
cd /root/book
for f in pages/*.png; do
  n=$(basename "$f" .png)
  [ -f "out/$n.txt" ] && continue
  tesseract "$f" tmp -l tam && mv tmp.txt "out/$n.txt"
  echo "$n"
done
```

பக்கம் முழுசாக முடிந்தால்தான் out-க்குள் போகும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். சும்மா சோதனைக்கு நானே ரவுட்டரைப் பிடுங்கி இருபது நிமிஷம் கழித்துச் செருகினேன். (அப்பாவிடம் திட்டு, கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.) திரும்பிப் போனால் எண் ஓடிக்கொண்டே இருந்தது. பத்தரைக்கு 412. கோப்புகளை இறக்கிக்கொண்டு, சர்வரை அழித்தேன். அணைத்தால் மட்டும் போதாதாம், அழிக்கும்வரை வாடகை ஏறும் என்று அண்ணன் எச்சரித்திருந்தார்.

காலையில் பாட்டிக்கு முதல் பக்கத்தைப் பெரிய எழுத்தில் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இதென்னடா, ஊர் பேரே தப்பா இருக்கு?" என்றார். பார்த்தால் ஆமாம். தமிழ்நாட்டில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு அது. அதில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவம். டெசராக்ட் புது எழுத்தைப் படித்துப் பழகியது. 'திருவண்ணாமலை'யில் ணாவும் இருக்கிறது, லையும் இருக்கிறது!

அதுவும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம், பக்கத்துக்கொரு தினுசாக இருக்கிறது. இப்போது தினமும் காபிக்கு அப்புறம் நான் திரையில் இருப்பதை வாசிக்கிறேன், பாட்டி திருத்துகிறார். 31-ம் பக்கத்தில் இருக்கிறோம்.