ஏழுமலை அடிவாரத்தில் ஒரு கருவிழி

சித்தூரிலிருந்து பாகாலா வழியாகத் திருப்பதி போகும் ரயிலில் தமிழும் தெலுங்கும் கலந்தே காதில் விழும். சந்திரகிரி நெருங்க மலைத்தொடர் எழுந்தது. சித்தூரில் வளர்ந்த என் அக்கா மகனுக்கு வயது 19. "மாமா, மலைக்கு மேல இன்னொரு மலை நிழலாட்டம் தெரியுது" என்றான். கண்ணாடியின் பவர் மாறிக்கொண்டே இருந்தது. கண் அரிக்கும்போதெல்லாம் அழுத்தித் தேய்ப்பான்.

நாங்கள் போன திருப்பதி அரவிந்த் கண் மருத்துவமனை, தேவஸ்தானம் கொடுத்த இடத்தில் 2019-ல் தொடங்கியது. ஊரெல்லாம் மலையை நோக்கிப் போக, நான் அன்று திரையில் கண்ட மலையைப் பார்த்து வியந்து நின்றேன். அவனுடைய வலது கருவிழியின் வரைபடம் அது. நில அளவைப் படத்தில் குன்றைக் காட்டுவதுபோல், நடுவுக்குச் சற்றுக் கீழே சிவப்பாக ஒரு சிகரம். 43, 44 டயாப்டர் இருக்க வேண்டிய வளைவு அங்கே 52. சுமார் 540 மைக்ரான் இருக்க வேண்டிய தடிமன் 470. மெலிந்த இடம் கூம்பாகப் பிதுங்குவதால் ஒளி பல இடங்களில் சிதறி விழுகிறது. நிழல் மலை அப்படி வந்ததுதான். இதன் பெயர் கெரட்டோகோனஸ்.

கூம்பு வளராமல் நிறுத்த, ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான 'கிராஸ் லிங்கிங்' முறை இருக்கிறது. மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழியின் மேல்தோலை நீக்குகிறார்கள். அரை மணி நேரம் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் சொட்டு. பிறகு அரை மணி நேரம் புற ஊதா ஒளி. கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகிக் கருவிழி இறுகுகிறது. தோல் போனபின் 400 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி வளராத உள்ளடுக்குச் செல்களை ஒளி தாக்கிவிடும். இவனுக்கு 420 இருந்தது. சில நாள் கடும் வலி, சில வாரம் மங்கல்.

ஆனால் இது இழந்த பார்வையைத் திருப்பித் தருவதில்லை. அதற்காக, கண் ஆறிய சில மாதங்கள் கழித்து ஸ்க்லீரல் லென்ஸ் பொருத்தினார்கள். சாதாரண லென்ஸைவிடப் பெரிது. கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியில் உட்காரும். உள்ளே நிரப்பும் உப்புநீர் கூம்பின் மேடுபள்ளங்களை மூடிவிடுவதால், ஒளிக்கு லென்ஸின் வழுவழுப்பான முகப்பு மட்டுமே எதிர்ப்படுகிறது. முகம் குனிந்துதான் மாட்ட வேண்டும். காற்றுக் குமிழி புகுந்தால் பார்வை உடனே கலங்கும். கழற்றி மறுபடி நிரப்ப வேண்டும். குழாய்த் தண்ணீர் படவே கூடாது. அதிலுள்ள அமீபா கருவிழியையே அழித்துவிடும். தூங்குமுன் கழற்றிவிட வேண்டும். கண்ணாடியோடு 6/36 வரை மட்டுமே படித்தவன், லென்ஸோடு 6/9 வரி படித்தான்.

உங்கள் பிள்ளை கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்து, சிலிண்டர் பவரும் அடிக்கடி மாறினால், அடுத்த கண்ணாடி வாங்குமுன் கருவிழி வரைபடம் எடுத்துப் பாருங்கள்.