மீதத்தின் கணக்கு

நான் இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. கிள்ளானில் இருந்த எங்கள் வரிசை வீட்டின் வரவேற்பறைக்குப் புதிய தரை ஓடுகள் பதிக்க அப்பா முடிவு செய்தார். பழைய சிமெண்டுத் தரையில் ஆங்காங்கே வெடிப்புகள் விழுந்திருந்தன. தீபாவளிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம்.

“எத்தனை ஓடு வேண்டும் என்று நீயே கணக்குப் போட்டுச் சொல்” என்றார் அப்பா. கணிதத்தில் நல்ல புள்ளிகள் எடுப்பவன் என்ற பெருமை எனக்கு உண்டு. உடனே அளவு நாடாவை எடுத்துக்கொண்டேன். அறையின் நீளம் 4.5 மீட்டர், அகலம் 3.4 மீட்டர். பரப்பளவு 15.3 சதுர மீட்டர். நாங்கள் தேர்ந்தெடுத்த ஓடு 60 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது. ஓர் ஓட்டின் பரப்பளவு 0.36 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தேன், 42.5 வந்தது. ஒரு பெட்டியில் 4 ஓடுகள் இருந்தன. எனவே, 11 பெட்டிகள் வாங்கினால் 44 ஓடுகள் கிடைக்கும்.

“ஒன்றரை ஓடு மீதமே இருக்கும், அப்பா” என்றேன். அப்பா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்றே 11 பெட்டிகள் வீட்டிற்கு வந்து சேர்ந்தன.

ஓடு பதிக்க வந்தவர் அப்பாவைவிட வயதில் மூத்தவர். நான் அவரை மாமா என்றே அழைத்தேன். அவர் அறையை ஒருமுறை அளந்தார், பெட்டிகளை எண்ணினார். பிறகு, “தம்பி, பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கவில்லையா? இன்னும் ஒரு பெட்டி வாங்கிவிடுங்கள்” என்றார்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “என் மகன் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறான், அண்ணே. இதுவே போதும்” என்று சொல்லிவிட்டார். கூடுதல் ஓடுகளை அவர் தமக்கு எடுத்துக்கொள்வாரோ என்ற ஐயம் அப்பாவுக்கு இருந்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், எனக்கும் இருந்தது.

மாமா மறுபேச்சுப் பேசவில்லை. வாசலில் நுழைபவரின் கண்ணில் முழு ஓடுகள் பட வேண்டும் என்பதால் அங்கிருந்தே வேலையைத் தொடங்கினார். நீளவாக்கில் 7 முழு ஓடுகள். அகலவாக்கில் 5 முழு ஓடுகள். முதல் நாள் மாலைக்குள் 35 ஓடுகளைப் பதித்துவிட்டார். மீதம் 9 ஓடுகள் இருந்தன. நீளச் சுவர் ஒன்றின் ஓரத்திலும் பின்சுவரின் ஓரத்திலும் மட்டுமே வெற்றிடம் தெரிந்தது. நான் நிம்மதியாக உறங்கினேன்.

மறுநாள்தான் என் கணக்கின் ஓட்டை தெரிந்தது. நீளச் சுவரின் ஓரத்தில் இருந்த இடைவெளி 40 சென்டிமீட்டர் அகலம். ஒவ்வோர் ஓட்டையும் 40 சென்டிமீட்டருக்கு வெட்டியபோது 20 சென்டிமீட்டர் அகலமுள்ள துண்டு மிஞ்சியது. அந்தத் துண்டை வேறெங்கும் பயன்படுத்த முடியவில்லை. “இரண்டு துண்டுகளை ஒட்டி ஒன்றாக்க முடியாதா, மாமா?” என்று கேட்டேன். “துணியில் ஒட்டுப் போட்டதுபோல் நடுவில் கோடு தெரியுமே, பையா” என்றார் அவர். அந்த ஓரத்திற்கு மட்டும் 7 ஓடுகள் தேவைப்பட்டன.

பின்சுவரின் ஓரத்திற்கு 30 சென்டிமீட்டர் துண்டுகள் வேண்டும். ஓர் ஓட்டைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். மூலையையும் சேர்த்து 6 துண்டுகள். அதற்கு 3 ஓடுகள். ஆக, எதுவும் உடையாவிட்டாலும் 35, 7, 3 என மொத்தம் 45 ஓடுகள் தேவை. எங்களிடம் இருந்தவையோ 44. நான் பரப்பளவை வகுத்தேனே தவிர, மிஞ்சும் துண்டுகள் மீண்டும் பயன்படுமா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அதோடு, தூணைச் சுற்றி மூலையை வெட்டி எடுக்கும்போது ஓர் ஓடு இரண்டாகப் பிளந்தது. அப்படி வெட்டும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில ஓடுகள் உடைவது வழக்கம் என்றார் மாமா. இறுதியில் பின்சுவர் ஓரத்தில் நான்கு இடங்கள் வெறுமையாக நின்றன. இரண்டே இரண்டு ஓடுகள் குறைந்தன.

அப்பாவும் நானும் கடைக்கு ஓடினோம். அதே பெயர் கொண்ட ஓடு இருந்தது. ஆனால், மாமா சொல்லி அனுப்பியபடி பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தபோது, அது எங்கள் பெட்டியின் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு முறை சூளையில் சுடும்போதும் மண்கலவையாலும் வெப்பத்தாலும் நிறம் சற்றே மாறும். அளவுகூட மயிரிழை அளவு மாறலாம். அதனால்தான் ஒவ்வொரு தொகுதிக்கும் தனி எண் இடுகிறார்கள். எங்கள் தொகுதி விற்றுத் தீர்ந்துவிட்டது. தீபாவளி நெருங்கிவிட்டதால் வேறு வழியின்றி ஒரு பெட்டி வாங்கி வந்தோம்.

பதித்து முடித்தபோது அந்த நான்கு துண்டுகள் மட்டும் இலேசாக மஞ்சள் பூத்துத் தெரிந்தன. அம்மா அவற்றின்மேல் அலமாரியை நகர்த்தி வைத்தார். “நான் சட்டை தைக்கும்போது உடம்பின் அளவுக்கு மட்டுமா துணி எடுக்கிறேன்? தையலுக்கும் மடிப்புக்கும் துணி விடுகிறேன். கட்டம் போட்ட துணி என்றால், கட்டங்கள் பொருந்துவதற்காக இன்னும் கொஞ்சம் எடுக்கிறேன். என்னிடம் கேட்டிருக்கலாமே” என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. கூலி கொடுக்கும்போது மட்டும், “நீங்கள் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும், அண்ணே” என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அன்று மாலை மாமா எனக்குக் கட்டத்தாளில் அறையை வரைந்து காட்டினார். நேராகப் பதிக்கும் அறைக்குப் பொதுவாகப் பத்து விழுக்காடு சேர்க்க வேண்டும். மூலைவிட்டமாகப் பதித்தால் எல்லா ஓரங்களிலும் முக்கோணத் துண்டுகள் விழும். அதற்குப் பதினைந்து விழுக்காடு வரை வேண்டும். “விழுக்காடு என்பது ஒரு மதிப்பீடுதான். வரைந்து எண்ணினால்தான் உண்மை தெரியும்” என்றார். எங்கள் அறைக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 16.83 சதுர மீட்டர் வரும். அதற்கு 12 பெட்டிகள், அதாவது 48 ஓடுகள். உடைந்தது போக இரண்டு ஓடுகள் மிஞ்சியிருக்கும்.

இரண்டாண்டுகள் கழித்து அம்மாவின் தையல் அறைக்கு ஓடு பதித்தோம். அந்த அறை 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். கட்டத்தாளில் வரைந்தேன், சரியாக 25 முழு ஓடுகள். வெட்டுத் துண்டே இல்லை. இருந்தாலும், ஒரே தொகுதி எண் கொண்ட 7 பெட்டிகளை வாங்கச் சொன்னேன். மிஞ்சிய மூன்று ஓடுகளைப் படிக்கட்டின் அடியில் வைத்தோம்.

ஒருநாள் அம்மாவின் கனமான இஸ்திரிப் பெட்டி விழுந்து ஓர் ஓடு வெடித்தது. அப்பா மாமாவை அழைத்தார். மாமா வந்ததும் முதலில் கேட்டது, “மீதம் இருக்கிறதா?” என்றுதான். நான் படிக்கட்டின் அடியிலிருந்து ஓர் ஓட்டை எடுத்து வந்து கொடுத்தேன். இன்று அந்த அறையில் எந்த ஓடு மாற்றப்பட்டது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வரவேற்பறையில் மட்டும் அலமாரி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது.