கடைசி வரியிலிருந்து அழிங்க

வேடந்தாங்கல் என்று சொன்னதும் நம்ம ஹாஸ்டலில் எல்லோரும் நாரை, கூழைக்கடா என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அது சித்தி ஊர். போன பொங்கல் லீவில் அங்கே நாலு நாள் இருந்தேன். ஏரிக்கரைப் பக்கம் ஒரே ஒரு தடவைதான் போனேன். மற்ற நேரமெல்லாம் சித்தி வீட்டுத் திண்ணையில், இருபடிச் சமன்பாட்டோடு.

சித்தி பொண்ணு பத்தாவது படிக்கிறாள். கணக்குப் புத்தகத்தில் இயற்கணிதம் பாடத்தின் மேல் பென்சிலால் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள். "அது வேணாம்ணா. கிராஃப் 8 மார்க், ஜியோமெட்ரி 8 மார்க், அதோட ஒரு மார்க்கு, ரெண்டு மார்க்கு எல்லாம் சேர்த்தா 35 வந்துடும்" என்றாள். கணக்கு சரிதான், பாஸ் ஆகிவிடலாம். ஆனால் இவள்தான் போன வருஷம் வரை முதல் குரூப் எடுக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அந்தப் பெருக்கல் குறி பாடத்தின் மேல் மட்டும் போட்டதில்லை என்று எனக்குப் பட்டது.

சரி, நாம இன்ஜினியரிங் ஆச்சே என்று களத்தில் இறங்கினேன். அவளும் அவளுடைய தோழிகள் இரண்டு பேரும், பக்கத்து வீட்டுத் தம்பி ஒருத்தனும் வந்தார்கள். ஆறு கணக்கு வரிசையாகப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் ஏழாவது கணக்கைக் கொடுத்தேன். தம்பியைத் தவிர மற்ற மூன்று பேரும் கேள்வியை அப்படியே எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "நீ போட்டா புரியுதுணா. நான் போட்டா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல" என்றாள்.

நீங்களும் யாருக்காவது கணக்கு சொல்லிக் கொடுத்திருந்தால் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். போட்டுக் காட்டுவதற்கும் தனியாகப் போடச் சொல்வதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதை நிரப்ப ஒரு வழி உண்டு. முதலில் எல்லாப் படிகளும் உள்ள ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டும். அடுத்த கணக்கில் ஒரு படியை எடுத்துவிட வேண்டும், அதற்கடுத்ததில் இன்னும் சில படிகளை. கடைசியில் வெறும் கேள்வி மட்டும் மிஞ்சும். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? நான் முதல் தடவை இதிலும் சொதப்பினேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

இதுதான் நான் எழுதிய முழுக் கணக்கு: 2x² − x − 6 = 0

1. முதல் கெழு × மாறிலி: 2 × (−6) = −12
2. பெருக்கினால் −12, கூட்டினால் −1 வரும் ஜோடி: −4, 3
3. நடு உறுப்பைப் பிரிக்க: 2x² − 4x + 3x − 6 = 0
4. இரண்டிரண்டாகப் பொதுவானதை வெளியே எடுக்க: 2x(x − 2) + 3(x − 2) = 0
5. (x − 2)(2x + 3) = 0
6. x − 2 = 0 அல்லது 2x + 3 = 0
7. x = 2 அல்லது x = −3/2

இதில் கஷ்டமான படி எது? இரண்டாவது, அந்த ஜோடியைக் கண்டுபிடிப்பது. அதனால் அடுத்த ஷீட்டில் அந்த வரியை மட்டும் காலியாக விட்டேன். நாலு பேரும் அரை நிமிடத்தில் சரியாக நிரப்பிவிட்டார்கள். எனக்கு ஒரே பெருமை. அப்புறம் வெறும் கேள்வியாக ஒன்று கொடுத்தால், பழையபடி பேனாவைக் கடிக்கிறார்கள்.

காரணம் என்னுடைய ஷீட்டில்தான் இருந்தது. இரண்டாவது வரியை அழித்தேன், மூன்றாவது வரி அப்படியே இருந்தது. அதில் −4x + 3x என்று விடை பளிச்சென்று தெரிகிறதே! யாரும் ஜோடி தேடவில்லை. ஒரு வரி கீழே பார்த்து எழுதிவிட்டார்கள். இயற்கணிதத்தில் ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே நடுவில் எந்த வரியை அழித்தாலும் கீழே உள்ள வரி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் பாதுகாப்பாக அழிக்கக்கூடிய வரி ஒன்றுதான்: கடைசி வரி. அதற்குக் கீழே பார்த்து எழுத எதுவும் இல்லை. மேலே உள்ளதைப் புரிந்துகொண்டால்தான் எழுத முடியும். பின்னிருந்து முன்னோக்கி அழித்துக்கொண்டே போகும் இந்த முறையைப் பற்றி அலெக்சாண்டர் ரென்கல், ராபர்ட் அட்கின்சன் முதலானோர் 2002இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். முன்னிருந்து அழிப்பதையும் பின்னிருந்து அழிப்பதையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பின்னிருந்து அழிப்பதே மாணவர்களுக்குச் சாதகமாக இருந்தது. நான் அதைத் திண்ணையில் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஷீட்டுகளை மாற்றி எழுதினேன்.

இரண்டாவது ஷீட் 3x² + 5x − 2 = 0. ஆறு வரி கொடுத்திருந்தேன். x + 2 = 0 அல்லது 3x − 1 = 0 என்பது வரை இருக்கும். அவர்கள் எழுத வேண்டியது x = −2, x = 1/3 மட்டும்.

மூன்றாவது ஷீட் 2x² − 7x + 3 = 0. இதில் நாலு வரி கொடுத்தேன். நாலாவது வரி 2x(x − 3) − 1(x − 3) = 0. மிச்சம் மூன்று வரியை அவர்கள் எழுத வேண்டும். இந்தக் கணக்கை நான் வேண்டுமென்றே எடுத்தேன். −x + 3 என்பதிலிருந்து −1ஐ வெளியே எடுத்தால் உள்ளே குறி மாறி x − 3 வரும். அதை இந்த ஷீட்டில் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். அடுத்த ஷீட்டில் கையால் செய்ய வேண்டிவரும். இன்னொரு காரணமும் உண்டு. இதன் மூலங்கள் 3, 1/2, இரண்டுமே மிகை எண்கள். முதல் இரண்டு ஷீட்டைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு பிளஸ்ல வரும், ஒண்ணு மைனஸ்ல வரும்" என்று ஒரு தோழி தானாக ஒரு விதி உருவாக்கி வைத்திருந்தாள். எல்லா உதாரணமும் ஒரே மாதிரி இருந்தால் இப்படி நாம் சொல்லாததையும் கற்றுக்கொள்வார்கள்.

நாலாவது ஷீட் 6x² + x − 2 = 0. ஜோடி 4, −3 என்பது வரை இரண்டு வரிதான் கொடுத்தேன். இங்கேதான் தப்பு வந்தது. 6x² + 4x − 3x − 2 என்பதை 2x(3x + 2) − 1(3x − 2) என்று இரண்டு பேர் எழுதினார்கள். அடுத்த வரிக்கு நகர முடியவில்லை. "ரெண்டு அடைப்புக்குறிக்குள்ளயும் ஒரே சங்கதி வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று பார்த்ததும், மூன்றாவது ஷீட்டைத் திருப்பிப் பார்த்து அவர்களே −1(3x + 2) என்று மாற்றினார்கள். மூலங்கள் −2/3, 1/2 என்று வந்தது. ஐந்தாவது ஷீட்டில் வெறும் கேள்வி. ஒருத்தரும் பேனாவைக் கடிக்கவில்லை.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் மறுநாள் காலையில் விளையாட்டாக அவளிடம் இதைக் கொடுத்தேன்: (x − 1)(x − 2) = 6. அவள் யோசிக்கவே இல்லை. x − 1 = 6 அல்லது x − 2 = 6; ஆகவே x = 7 அல்லது x = 8 என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை ஷீட்டிலும் ஆறாவது வரியைச் சரியாக எழுதியவள் இவள். ஆனால் அவள் படித்தது அந்த வரியின் உருவத்தைத்தான், காரணத்தை இல்லை. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் செய்த சோதனைகளிலும் இந்த எல்லை தெரிந்தது. போட்டுக் காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், அதே மாதிரிக் கணக்குகளைச் சீக்கிரமாகவும் தப்புக் குறைவாகவும் போட்டார்கள். வேறு மாதிரிக் கணக்கு வந்தபோது அந்த லாபம் தெரியவில்லை.

முதலில் x = 7ஐப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 6 × 5 = 30. "ஆறு வரலியே" என்றாள். பிறகு முதல் ஷீட்டின் ஆறாவது வரி பக்கத்தில் ஒரு கேள்வி எழுதினேன்: "ரெண்டு எண்ணைப் பெருக்கினா 0 வருது. அந்த எண்களைப் பத்தி என்ன சொல்லலாம்? 6 வந்தா என்ன சொல்லலாம்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஆறுன்னா 2, 3ஆ இருக்கலாம். 1, 6ஆ இருக்கலாம். அரையும் பன்னெண்டுமா கூட இருக்கலாம்ணா, எதுன்னு சொல்ல முடியாது. பூஜ்யம்னா மட்டும்தான் ஒண்ணாவது பூஜ்யமா இருந்தே ஆகணும்" என்றாள். பிறகு நான் எதுவும் சொல்லவில்லை. அவளே விரித்து, 6ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து x² − 3x − 4 = 0 என்று எழுதி, x = 4, x = −1 என்று முடித்தாள். 3 × 2 = 6, (−2) × (−3) = 6 என்று சரிபார்க்கவும் செய்தாள்.

அதிலிருந்து என் ஷீட்டுகளில் ஒரு மாற்றம் செய்தேன். காலி வரிக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை, நான் போட்டுக் கொடுத்த வரிகளில் ஒன்றுக்குப் பக்கத்திலும் "ஏன்?" என்று ஒரு கேள்வி இருக்கும். இல்லையென்றால் போட்டுக் கொடுத்த வரிகளை யாரும் படிப்பதில்லை. கண் நேராகக் காலி இடத்துக்குத்தான் போகிறது.

அந்தத் தம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஏற்கனவே தெரியும். இரண்டாவது ஷீட்டிலேயே கொட்டாவி விட்டான். தெரிந்தவனை ஒவ்வொரு வரியாகப் படிக்கவைத்தால் அவன் வேகம்தான் குறைகிறது. அவனுக்கு நேராக ஐந்தாவது ஷீட்டைக் கொடுத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: ஒரு ஷீட்டைச் சரியாக முடித்தால் அடுத்தது, தப்பினால் அதே அளவு வரி விட்ட இன்னொரு கணக்கு. இன்னொன்றும் உண்டு. "செவ்வக வயலின் நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம், பரப்பு 84 சதுர மீட்டர்" என்று கொடுத்தபோது, x² + 5x − 84 = 0 என்று எழுதும் வரை நான் கூடவே உட்கார வேண்டியிருந்தது. வாக்கியத்தைச் சமன்பாடாக்குவது வேறு வேலை, அதற்குத் தனி ஷீட் வேண்டும். சமன்பாடு வந்தபிறகு x = 7, x = −12 என்று அவளே கண்டுபிடித்து, "அகலம் எப்படிணா மைனஸ்ல இருக்கும்?" என்று −12ஐ அடித்துவிட்டாள்.

காலேஜ் திரும்பிய அடுத்த வாரம் போனில் ஒரு போட்டோ அனுப்பினாள். வர்க்கப் பூர்த்தி முறைக்கு அவளே ஒரு ஷீட் எழுதியிருக்கிறாள், கிளாஸில் இன்னொரு பொண்ணுக்காக. கடைசி இரண்டு வரி காலி. அந்தத் தாளுக்குக் கீழே கணக்குப் புத்தகம் கொஞ்சம் தெரிந்தது. பென்சில் பெருக்கல் குறியை ரப்பரால் அழித்த கறை இன்னும் இருந்தது.