கரண்டிக்குப் பொட்டு, கடைக்கு ஒரு வரி

ஹார்டுவேர் கடைக்குப் பண்டிகை என்றால் முதலில் ஆயுத பூஜைதான், தீபாவளி பிறகுதான். தீபாவளிக்கு ஜனம் ஜவுளிக் கடைக்கும் பட்டாசுக் கடைக்கும் போய்விடும். கரண்டி, உளி, டெஸ்டர், பைப் ரெஞ்ச் எல்லாம் சாமியாக உட்காரும் நாள் ஆயுத பூஜை ஒன்றே. அந்த நாளுக்கு ஒரு கடை வாழ்த்து எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்கத்தான் தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் உள்ள ஒரு ஹார்டுவேர் கடையில், பூஜைக்கு முந்தின நாள் மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தேன்.

கல்லாவில் முதலாளி. கம்ப்யூட்டரில் அவர் தங்கை மகன், பக்கத்து டிடிபி சென்டரில் வேலை பழகியவன். அவன் முதலில் போட்டுக் காட்டியது எல்லாக் கடைக்கும் பொருந்துகிற வகை. “எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இனிய ஆயுத பூஜை நல்வாழ்த்துகள். பெயிண்ட், பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் பொருள்கள் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்.” கீழே இரண்டு போன் நம்பர், மூன்று கம்பெனிச் சின்னம், மூலையில் புத்தம் புதிய டிரில்லிங் மெஷின்.

“போன வருஷமும் இதைத்தான் போட்டோம். என்ன பதில் வந்துச்சு தெரியுமா? சிமெண்ட் இன்னிக்கு என்ன ரேட்டுன்னு நாலு பேர் கேட்டாங்க” என்றார் முதலாளி.

அவரிடம் கற்ற அளவுகோல் இது. வாழ்த்துக்குக் கும்பிடு பொம்மை வந்தால் மரியாதைக்குப் போட்டது. விலை கேட்டு வந்தால், அனுப்பியதை விளம்பரமாகப் படித்திருக்கிறார்கள். தன் கருவிகளைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பினால்தான் வாழ்த்து போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதில் அவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீடு கட்டுகிறவர் பணம் கொடுப்பார். ஆனால் என்ன வாங்குவது, எங்கே வாங்குவது என்ற சீட்டை எழுதுவது பெரும்பாலும் மேஸ்திரிதான். ஆகவே இந்த நல்லெண்ணம் முழுக்க வெள்ளந்தியானது இல்லை. அதை முதலாளியும் மறைக்கவில்லை. “அவங்க இல்லாம நான் இல்லைங்க. அதை வருஷத்துல ஒரு நாளாவது விலை பேசாம சொல்லணும்ல?” என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வெட்டுவது எளிதாக நடந்தது. பொருள் பட்டியல், சின்னங்கள், நம்பர் எல்லாம் போயின. பையன் இரண்டாவதாக எழுதினான்: “உங்கள் கருவிகள் உறுதியாக இருக்க எங்கள் கடை என்றும் துணை.” விலை இல்லை, தள்ளுபடி இல்லை. ஆனாலும் கடை தன்னைத்தானே மெச்சிக்கொள்கிற வரி. ‘எங்கள்’ என்று வரும் இடமெல்லாம் கோடு போடச் சொன்னார் முதலாளி. கடைப் பெயர் அடியில் கையெழுத்து மாதிரி ஒரு முறை வந்தால் போதும்.

அப்போது ஒரு கொத்தனார் இரும்புச் சட்டி வாங்க வந்தார். அவர் பையில் கிடந்த கரண்டியைக் கேட்டு வாங்கினார்கள். ஒரு பக்க விளிம்பு தேய்ந்து சரிந்திருந்தது. மரப்பிடி கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பழைய பலகை மேல் சாய்த்துப் படம் எடுத்தார்கள். பெயர் பொறித்திருந்த பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தான் பையன். கம்பெனிப் பெயர் தெரிந்தால் அங்கேயே அது விளம்பரம் ஆகிவிடும். புது டிரில்லிங் மெஷின் படத்தைப் பார்க்கிறவருக்கு விலைதான் ஞாபகம் வரும். தேய்ந்த கரண்டியை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

படத்துக்கு அடியில் பையன் எழுதினான்: “கருவிகளுக்கும், அவற்றைப் பிடித்த கைகளுக்கும் நாளை ஒரு நாள் ஓய்வு.” எனக்குப் பிடித்திருந்தது. முதலாளிக்கும்தான். கொத்தனார் படித்துவிட்டு, “ஓய்வுன்னா கூலி இல்லைங்களே அண்ணே” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பூஜை அன்று சைட்டில் வீட்டுக்காரர் பொரி, கடலையோடு கையில் ஏதாவது கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் தினக்கூலிக்காரருக்கு அது சம்பளம் இல்லாத நாள். மாதச் சம்பளக்காரன் காதுக்கு இதமான வரி, யாருக்காக எழுதியதோ அவருக்கே உறுத்துகிறது. ஓய்வைக் கருவிகளுக்கு மட்டும் விட்டார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடாதது வழக்கம்தானே. கைகளுக்கு வேலையை வாழ்த்தினார்கள். கடைசியில் நின்றது இது:

“சாந்து கழுவிய கரண்டியும் நூல் சுற்றிய தூக்குக்குண்டும் நாளை பொட்டு வைத்து ஓய்வெடுக்கட்டும். விஜயதசமி காலையில் நல்ல வேலை ஒன்றில் மீண்டும் கையில் ஏறட்டும். ஆயுத பூஜை வாழ்த்துகள்.”

“வேலை வந்தா சிமெண்டும் விக்கும் மாமா” என்று கிண்டலடித்தான் பையன். விற்கட்டும். கொத்தனார் தனக்கு வேண்டிக்கொள்வதும் அதைத்தானே?

அடுத்த சிக்கல், கரண்டி கொத்தனாருக்குச் சரி, எலெக்ட்ரீஷியனுக்கு என்ன செய்வது? எல்லாக் கருவியையும் ஒரே வரியில் அடைத்தால் சரக்குப் பட்டியல் மறுபடி வந்துவிடும். நல்லவேளை, கடையின் வாட்ஸ்அப்பில் தொழில்வாரியாகப் பிராட்காஸ்ட் லிஸ்ட் இருந்தது. முதல் வரியை மட்டும் மாற்றினார்கள். எலெக்ட்ரீஷியன்களுக்கு “டேப் சுற்றிய டெஸ்டரும் கட்டிங் பிளேயரும்”. பெயிண்டர்களுக்கு “பட்டி பிளேடும் பிரஷ்ஷும்”. வீடு கட்டுகிற வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வேறு: “உங்கள் வீட்டில் வேலை செய்த ஒவ்வொருவரையும் நாளை ஒரு முறை நினைத்துக்கொள்வோம்.” எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் சிறந்ததாகப் பட்டது.

ஒரு பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்தான் அடங்குவார்கள். அதிலும் கடை நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். சேமிக்காதவருக்குப் போகாததை ஒரு குறையாகவே முதலாளி நினைக்கவில்லை. பழக்கம் இல்லாதவருக்கு வாழ்த்து அனுப்பினால் அது நோட்டீஸ் விநியோகம் என்பது அவர் கட்சி. டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்பும் பளபளப்பான படத்தையும் அவர் அப்படியே ஃபார்வர்ட் செய்யமாட்டார். அதன் தலையில் ‘ஃபார்வர்டட்’ என்று விழும். தானாக எழுதவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அனுப்பியது முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு. வேலை விட்டு வந்து கருவிகளைக் கழுவித் துடைக்கிற நேரம் அது. பூஜை அன்று காலையில் அனுப்பினால் நூறு சரஸ்வதி படங்களுக்கு அடியில் போய்விடும். நான் கிளம்புவதற்குள் ஒரு பெயிண்டர், கழுவிக் காயவைத்த பிரஷ்களைத் திண்ணையில் வரிசையாக அடுக்கிப் படம் அனுப்பியிருந்தார். விலை கேட்டும் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு முதலாளி விலையையும் சொன்னார்.

இந்த வரியால் ஆகாத காரியமும் உண்டு. கடன் நோட்டில் தகராறு இருக்கும் மேஸ்திரியை எந்த வாழ்த்தும் திருப்பிக் கொண்டுவராது. பாக்கி கேட்டு மெசேஜ் போவதும் இதே நம்பரிலிருந்துதான். வாழ்த்துக்கு மறுநாளே “பழைய பாக்கி 8,400 ரூபாய்” என்று போனால், முந்தைய வாழ்த்து அதற்குப் போட்ட பீடிகை ஆகிவிடும். அதனால் அந்த வாரம் முழுக்க பாக்கி மெசேஜை நிறுத்திவைத்திருந்தார் அவர். கடை வைத்திருப்பவர்கள் வாழ்த்தின் வாசகத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.