ஏக்கர் 0.5½

கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில், ஒரு மொழிபெயர்ப்பாளர் அக்காவிடம் தொழில் பழகுகிறேன். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு எல்லாம் சீக்கிரம் கைவந்துவிட்டன. நிலப் பத்திரம்தான் இன்னும் வியர்க்க வைக்கிறது. அதில் சொல்லைவிட எண்ணைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

ஒன்றை மட்டும் அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். வாங்குபவர் பிரிட்டிஷ் குடிமகன், கையில் ஓசிஐ அட்டை. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. விற்பவர் அனுப்பியவை 1974ஆம் வருடக் கிரயப் பத்திரமும் இப்போதைய பட்டாவும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘ஏக்கர் 0.5½’ என்று இருந்தது. பள்ளியில் படித்த தசமக் கணக்கில் பார்த்தால் அரை ஏக்கருக்கும் மேல். பழைய பத்திர எழுத்தர்களுக்கோ அந்தப் புள்ளி ஏக்கரையும் சென்ட்டையும் பிரிக்கும் கோடு மாதிரி. ஏக்கர் இல்லை, சென்ட் ஐந்தரை. அப்படியே ஆங்கிலத்தில் போட்டால், படிப்பவர் பத்து மடங்கு நிலம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

“எது சரின்னு ஊகிக்காத தம்பி, கீழே படி” என்றார் அக்கா. கீழே அளவுகள் இருந்தன: கிழமேலடி வடபுறம் 40, தென்புறம் 38, தென்வடலடி மேல்புறம் 60, கீழ்புறம் 62. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கினால் 39 × 61, அதாவது 2,379 சதுரடி. ஒரு சென்ட் 435.6 சதுரடி. வகுத்தால் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. ஆக, சென்ட்தான்.

இந்தச் சென்ட்டின் பூர்வீகமே லண்டன்தான். கிரெஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியராக இருந்த எட்மண்ட் குண்டர் 1620 வாக்கில் வகுத்த 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணிகள். அந்தச் சங்கிலியில் பத்துச் சதுரம் ஒரு ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்கு சென்ட். இங்கே பிறந்தவருக்கு ஏக்கர் தெரிகிறது, சென்ட் என்றால் சில்லறைக் காசு ஞாபகம்தான் வருகிறது. அதனால் முதன்முதல் வரும் இடத்தில் சென்ட்டுக்கு ஒரு குறிப்பு சேர்த்தே ஆக வேண்டும்.

அதே பத்திரத்தில் ‘விஸ்தீரணம் சதுரடி 2,396’ என்றும் இருந்தது. அது ஐந்தரையை 435.6ஆல் பெருக்கி வந்த எண்; யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. சராசரி முறை உண்மைப் பரப்பைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டாது. பக்க அளவுகள் சரியென்றால் நிலம் 2,379ஐத் தாண்ட வழியில்லை. பட்டாவோ மெட்ரிக்கில் பேசுகிறது. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு வந்த பட்டாக்களில் ஹெக்டேர், ஏர்தான். இதில் ‘0 - 2.20’. கோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஆக 220 சதுர மீட்டர், சுமார் 2,368 சதுரடி.

ஒரே மனைக்கு இத்தனை பரப்பு. எதை எழுதுவது? எல்லாவற்றையும், மூலத்தில் இருக்கிறபடியே. திருத்துவது சர்வேயர் வேலை. பொருந்தாத இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று போட்டு, மாற்று அளவையும் கணக்கு வந்த வழியையும் ஒரு வரியில் சொல்கிறோம். பிரிட்டனில் அரசு நியமித்த சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று தனியாக யாரும் இல்லை. மூலத்துக்கு உண்மையானது என்று கையெழுத்திட்டுத் தேதி போடுவது நாமே. கை வைத்துச் சீராக்கிய எண்ணுக்கு அப்படிக் கையெழுத்திட முடியாது.

நான்கெல்லைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘பொதுப் பாதைக்குத் தெற்கு’ என்றால் பாதை தெற்கில் இல்லை. நம் மனைதான் பாதைக்குத் தெற்கே. ஆங்கிலத்தில் அது வடக்கெல்லையாகப் போக வேண்டும். திசைப் பெயரை மட்டும் பார்த்து எழுதினால் மனை தலைகீழாகிவிடும். நான் காகிதத்தில் ஒரு கட்டம் போட்டு, நான்கு பக்கமும் எழுதிப் பார்த்து, பிறகுதான் தட்டச்சு செய்கிறேன். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்கே மதிப்பு என்பதால் இங்கே அவசரம் ஆகாது.

கடைசியில் சிக்கல் வந்தது எண்ணில் இல்லை. பட்டாவில் அந்த நிலம் புன்செய்ப் பத்தியில் இருந்தது. ஓசிஐ அட்டைக்காரர் இந்தியாவில் வீடு, கடை வாங்கலாம். விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. “சுற்றிலும் வீடுகள்தானே, வீட்டுமனைன்னு போட்டுடுங்களேன்” என்று போனில் கேட்டார். “பட்டாவில இருக்கிறதைத்தான் போட முடியும் சார். மனையா மாறியிருந்தா அதுக்கு அனுமதி ஆர்டர் இருக்கும், விற்கிறவர்கிட்ட கேளுங்க. அது வந்தா அதையும் மொழிபெயர்த்துத் தர்றோம்” என்றார் அக்கா. புன்செய் என்ற சொல்லை ஒலிபெயர்த்து, பக்கத்தில் மானாவாரி விவசாய நிலம் என்ற விளக்கத்தோடு அனுப்பினோம். அந்த ஆர்டர் இன்னும் வரவில்லை.